ஈ. கோலை வளர்ச்சி வளைவு: முதல் முறை எடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வகுப்பில் கரும்பலகையில் வரைந்த படம் உங்களுக்கும் நினைவிருக்கும். முதலில் ஒரு தட்டைக் கோடு, அப்புறம் ஏறும் கோடு, மறுபடி தட்டை, கடைசியில் இறங்கும் கோடு. முதுகலை ப்ராஜெக்ட்டுக்காக நான் அதை நிஜமாக எடுக்கப் போனபோது மூன்று முறை தோற்றேன். முதல் முறை தட்டைக் கோடு முடியவே இல்லை. இரண்டாம் முறை நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஏறும் கோடு பாதி முடிந்திருந்தது. மூன்றாம் முறை இறங்கும் கோடு இறங்கவே இல்லை. நான்காம் முறை சரியாக வந்தது. அதை எப்படிச் செய்தேன் என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

பெயர் பற்றி முதலில் ஒன்று. ஆய்வகத்தில் எல்லோரும் லேக், லாக், ஸ்டேஷனரி, டெத் என்றுதான் சொல்வார்கள். லேக் என்பதும் லாக் என்பதும் காதில் ஒன்றுபோலவே விழும். போனில் "லாக்ல எடுத்துட்டியா?" என்று கேட்ட சீனியருக்கு நான் லேக்கில் எடுத்து வைத்த கதையும் உண்டு. அதனால் இங்கே ஆயத்த நிலை, மடக்கை நிலை, தேக்க நிலை, இறப்பு நிலை என்றே எழுதுகிறேன்.

நான் எடுத்தது ஈ. கோலை கே-12 வகை. ஊடகம் எல்.பி. குழம்பு, வெப்பநிலை 37 டிகிரி. கீழே வரும் நேரங்கள் எல்லாம் இந்தச் சேர்க்கைக்கானவை. வேறு பாக்டீரியா, வேறு ஊடகம் என்றால் நிலைகளின் வரிசை இதேதான், நேரங்கள் மாறும்.

## 1. ஒரு வாரம் முன்பு: கல்ச்சர், பதிவேடு, சாமான்

கல்ச்சரை வாங்குவதென்றால் சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. சேமிப்பகத்துக்குத் துறைத்தலைவரின் கடிதத்தோடு எழுத வேண்டும். கடிதம், பணம், பார்சல் என்று அதற்கு நாள் பிடிக்கும். பக்கத்து ஆய்வகத்தில் கிளிசரால் ஸ்டாக் இருந்தால் அதைக் கேட்டு வாங்குவது சுலபம், செலவும் இல்லை. ஆனால் எந்த வகை, எங்கிருந்து வந்தது, எப்போது உறைய வைத்தது என்ற மூன்றையும் கேட்டு உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வைவாவில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். "லேப்ல இருந்ததை எடுத்தேன் சார்" என்ற பதில் தேர்வாளருக்குப் பிடிக்கவில்லை.

ஸ்பெக்ட்ரோவுக்கும் ஷேக்கருக்கும் பதிவேட்டில் முன்கூட்டியே பெயர் எழுதுங்கள். ஸ்பெக்ட்ரோ முழுப் பகலும் உங்களுக்கு வேண்டும். ஷேக்கர் ஐந்து நாள் தொடர்ந்து வேண்டும். ஷேக்கரை ஒருநாளுக்கு மட்டும் எழுதி வைத்துவிட்டு இறப்பு நிலையைப் பார்க்க முடியாமல் போனவர்கள் எங்கள் வகுப்பிலேயே இரண்டு பேர்.

சாமான் கணக்கு இதுதான். எல்.பி. ஒரு லிட்டருக்கு டிரிப்டோன் 10 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 5 கிராம், உப்பு 10 கிராம். கலந்த பொடியாக வாங்கினால் லிட்டருக்கு 25 கிராம். மூன்று குடுவைக்கு 300 மில்லியும், பிளாங்க் வைக்கவும் நீர்க்கவும் 100 மில்லியும் சேர்த்து 400 மில்லி குழம்பு, அதாவது 10 கிராம் பொடி. தட்டுகளுக்கு, ஆறு நேரங்களில், ஒவ்வொரு நேரத்துக்கும் மூன்று நீர்ப்பு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தட்டு என்றால் 36 தட்டு. தட்டுக்கு 20 மில்லி வீதம் 720 மில்லி ஊற்ற வேண்டும். 800 மில்லியாகச் செய்துகொள்ளுங்கள். அதற்கு 20 கிராம் பொடியும் 12 கிராம் அகாரும் போதும். இது ஒரு குடுவைக்கான தட்டுக் கணக்கு. மூன்று குடுவைக்கும் தட்டு போட்டால் 108 ஆகும். கை தாங்காது, அகார் செலவும் தாங்காது. நான் மூன்று குடுவையிலும் ஓ.டி., அதாவது ஸ்பெக்ட்ரோ காட்டும் கலங்கல் அளவு எடுத்தேன், ஒன்றில் மட்டும் தட்டு போட்டேன்.

குவெட் விஷயத்தில் ஏமாறாதீர்கள். குவார்ட்ஸ் குவெட் வாங்கச் சொல்வார்கள். அது புற ஊதா ஒளிக்குத்தான் தேவை. நாம் படிப்பது 600 நானோமீட்டரில், அதற்குச் சாதாரண பிளாஸ்டிக் குவெட்டே போதும்.

குழம்பை 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்யுங்கள். பிளாங்க் வைக்கவும் அதே சுற்றில் வெந்த குழம்பையே எடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் நிறம் கொஞ்சம் மாறும். போன வார பாட்டிலை பிளாங்க்காக வைத்தால் தொடக்க ஓ.டி.யான 0.04 என்ற சின்ன எண்ணில் அந்த நிற வித்தியாசமே பெரிய பிழையாகிவிடும்.

## 2. முந்தைய நாள் மாலை: ஆயத்த நிலை இங்கேயே தீர்மானமாகிறது

ஆயத்த நிலை குடுவையில் கல்ச்சரை ஊற்றிய பிறகுதான் தொடங்குகிறது என்று நினைத்திருந்தேன். அது எவ்வளவு நீளும் என்பது முந்தைய நாளே முடிவாகிவிடுகிறது. நீங்கள் ஊற்றும் செல்கள் எந்த நிலையில் இருந்து வருகின்றன என்பதுதான் விஷயம்.

மாலை ஐந்து மணிக்குத் தட்டிலிருந்து ஒரே ஒரு காலனியை எடுத்து 5 மில்லி எல்.பி.யில் கலக்குங்கள். 37 டிகிரி ஷேக்கரில் இரவு முழுக்க வையுங்கள். காலை ஒன்பது மணிக்கு அது பதினாறு மணி நேர கல்ச்சர். கெட்டியாகக் கலங்கி இருக்கும். அந்தச் செல்கள் தேக்க நிலையில் இருப்பவை. ரைபோசோம்களில் பெரும்பகுதியைக் குறைத்துக்கொண்டு, உருவம் சுருங்கி, பஞ்ச காலத்துக்குத் தயாராக உட்கார்ந்திருப்பவை. புதுக் குழம்பில் விழுந்ததும் அவை உடனே பிரிவதில்லை. ரைபோசோம்களைத் திரும்பக் கட்ட வேண்டும், புதிய உணவுக்கான நொதிகளைச் செய்ய வேண்டும், இரும்பு போன்ற உலோக அயனிகளை உள்ளே இழுக்க வேண்டும், ஆக்சிஜனால் பழுதான பகுதிகளைச் சரிசெய்ய வேண்டும். இந்த வேலை நடக்கும்போது செல் பருக்கும், எண்ணிக்கை மட்டும் ஏறாது. எனவே ஆயத்த நிலையைத் தூக்கம் என்று எண்ணாதீர்கள். உள்ளே வேலை மும்முரமாக நடக்கும் நேரம் அது.

என் முதல் தோல்வி இங்கேதான். பத்து நாளாகக் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த கல்ச்சரை எடுத்து, அதே பெட்டியில் இருந்த சில்லென்ற குழம்பில் ஊற்றினேன். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓ.டி. அசையவில்லை. குளிர்ந்த குழம்பு ஒரு காரணம். 100 மில்லி சூடாகவே நேரம் பிடிக்கும். அதனால் குழம்பை முந்தைய இரவே 37 டிகிரியில் வைத்துவிடுங்கள். காலையில் அது தெளிவாக இருந்தால் வேறு கிருமி கலக்கவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

இன்னொரு காரணத்தைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். பழைய கல்ச்சரில் பாதிக்கு மேல் செத்த செல்கள். செத்த செல்லும் ஒளியைச் சிதறடிக்கும், எனவே ஓ.டி.யில் அதுவும் சேரும். பத்தில் ஒன்றுதான் உயிரோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்று பத்தாக மூன்று முறைக்கு மேல் இரட்டிக்க வேண்டும். 22 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் அதற்கே எழுபது நிமிடத்துக்கு மேல் போய்விடும். அதுவரை கோடு தட்டையாகவே தெரியும். உயிரோடு இருப்பவை முதல் நிமிடத்திலிருந்தே பிரிந்துகொண்டிருந்தாலும் தெரியாது.

மிகக் குறைவாக ஊற்றினாலும் இதே ஏமாற்றுதான். பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஊற்றினால் தொடக்க ஓ.டி. சுமார் 0.0004. கருவிக்கு அது பூஜ்யம். 0.04 என்று படிக்க நூறு மடங்கு பெருக வேண்டும், அதற்கு இரண்டரை மணி நேரம் ஆகும். அந்த இரண்டரை மணி நேரத்தை ஆயத்த நிலை என்று எழுதிக் கொடுத்தால் அது தவறு. நூறில் ஒரு பங்கு ஊற்றுங்கள், 100 மில்லிக்கு 1 மில்லி. தொடக்கத்திலேயே படிக்கக்கூடிய எண் வரும்.

ஆயத்த நிலை கிட்டத்தட்ட இல்லாமலே போக வேண்டும் என்றாலும் வழி உண்டு. மடக்கை நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் கல்ச்சரை அதே ஊடகத்துக்கு, அதே வெப்பநிலையில் மாற்றினால் செல்கள் நிற்காமல் தொடரும். மூன்று குடுவையில் ஒன்றை இப்படித் தொடங்கிப் பாருங்கள். மற்ற இரண்டோடு ஒப்பிட்டால் ஆயத்த நிலை எதனால் வருகிறது என்பது ஒரே படத்தில் தெரிந்துவிடும்.

## 3. காலை ஒன்பது மணி: ஊற்றுவதும் முதல் ஒரு மணி நேரமும்

100 மில்லி குழம்பை 500 மில்லி குடுவையில்தான் வையுங்கள். ஐந்தில் நான்கு பங்கு காற்றாக இருக்க வேண்டும். 250 மில்லி குழம்பை அதே குடுவையில் நிரப்பினால் அடர்த்தி ஏறும்போது ஆக்சிஜன் போதாமல் வளர்ச்சி சீக்கிரமே தளரும். ஷேக்கர் நிமிடத்துக்கு 180 சுற்று.

1 மில்லி ஊற்றி, கலக்கி, உடனே பூஜ்ய நிமிட மாதிரி எடுங்கள். அப்புறம் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 1 மில்லி. எடுத்த மாதிரியை மேசையில் வைத்துவிட்டு வரிசையில் நிற்காதீர்கள். குழாயிலும் அவை வளர்ந்துகொண்டுதான் இருக்கும். எடுத்த கையோடு ஐஸில் சொருகுங்கள், படிக்கும் முன் நன்றாகக் கலக்குங்கள்.

நேரம் எழுதும்போது "10.00, 10.20" என்று முன்கூட்டியே எழுதி வைத்த அட்டவணையை நம்பாதீர்கள். மாதிரி எடுத்த உண்மையான நிமிடத்தை எழுதுங்கள். 22 நிமிடத்தில் இரட்டிக்கும் ஒன்றில் மூன்று நிமிடப் பிசகு என்பது பத்து சதவீதப் பிழை.

## 4. மடக்கை நிலை: நினைப்பதை விட மிகக் குட்டி

நான்காம் முறை வந்த எண்களைத் தருகிறேன். மூன்று குடுவையும் நெருக்கமாகவே வந்தன. இது அதில் ஒன்று.

```
நிமிடம்   ஓ.டி.
0        0.040
20       0.041
40       0.046
60       0.066
80       0.125
100      0.235
120      0.440
140      0.78
160      1.25
180      1.80
240      3.1
360      3.9
```

80-லிருந்து 120 வரை பாருங்கள். ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் கிட்டத்தட்ட 1.88 மடங்கு. அதே மடங்கு மாறாமல் தொடர்வதுதான் மடக்கை நிலையின் அடையாளம். 120-க்குப் பிறகு மடங்கு 1.77, 1.60, 1.44 என்று இறங்குகிறது. எண்கள் இன்னும் வேகமாக ஏறுவதுபோலத் தெரிந்தாலும் மடக்கை நிலை அதற்குள் முடிந்துவிட்டது. காலை ஒன்பதுக்குத் தொடங்கினால் பத்தேகாலிலிருந்து பதினொன்று வரை. இந்த முக்கால் மணி நேரத்தில்தான் நான் இரண்டாம் முறை டீக்குப் போனேன். 60 முதல் 140 நிமிடம் வரை 10 நிமிடத்துக்கு ஒருமுறை எடுப்பது நல்லது. ஒருவர் மாதிரி எடுக்க, இன்னொருவர் படிக்க என்று ஆள் இருந்தால் இன்னும் நல்லது.

இந்த நிலையில் வேகத்தைத் தீர்மானிப்பது உணவின் அளவு அல்ல. அது தேவைக்கு மேலேயே கிடக்கிறது. செல் தன் புரதங்களை எவ்வளவு வேகமாகச் செய்ய முடியும், அதற்கு எத்தனை ரைபோசோம் வைத்திருக்கிறது என்பதுதான் எல்லை. ஊடகம் வளமாக இருந்தால் செல் தன் முதலீட்டில் அதிகப் பங்கை ரைபோசோம்களில் போடுகிறது, வேகமாக வளர்கிறது. அதனால்தான் எல்.பி.யில் இருபது சொச்ச நிமிடத்தில் இரட்டிப்பது, வெறும் உப்பும் குளுக்கோஸும் உள்ள ஊடகத்தில் ஒரு மணி நேரத்தை நெருங்குகிறது.

என்னை வெகுநாள் குழப்பிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஈ. கோலை தன் டி.என்.ஏ. வளையத்தை ஒருமுறை நகலெடுக்கவே சுமார் 40 நிமிடம் வேண்டும், பிரிவதற்கு இன்னும் 20. அப்படியிருக்க 22 நிமிடத்தில் எப்படிப் பிரிகிறது? முதல் நகல் முடியும் முன்பே அடுத்த நகலைத் தொடங்கிவிடுகிறது. பேத்திக்கான நகலெடுப்பு பாட்டி செல்லிலேயே ஆரம்பமாகிவிடுகிறது. எனவே வேகமாக வளரும் செல்லுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட நகல்கள் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும். மடக்கை நிலைச் செல்கள் பருத்தும் நீண்டும் இருப்பதை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம். தேக்க நிலைச் செல்லோடு பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

இங்கே ஒரு பெரிய பொறி உண்டு. ஓ.டி. 0.4-ஐத் தாண்டியதும் கருவி பொய் சொல்லத் தொடங்கும். செல்கள் நெருங்கி ஒரு செல் சிதறடித்த ஒளியை இன்னொன்று திருப்பி விடுவதால் எண் குறைவாகக் காட்டும். 120-ஆம் நிமிடத்திலிருந்து மாதிரியை எல்.பி.யில் பத்து மடங்கு நீர்த்துப் படித்து, பத்தால் பெருக்குங்கள். நீர்க்காமல் படித்த என் நண்பனுக்கு வளைவு 1.2-லேயே தட்டையாகிவிட்டது. தேக்க நிலை சீக்கிரம் வந்துவிட்டதாக அவன் எழுதியிருந்தான். தேங்கியது கருவிதான்.

## 5. கணக்கு: எந்தப் புள்ளிகளை எடுப்பது

எக்செல்லில் A-யில் நிமிடம், B-யில் ஓ.டி., C-யில் அதன் இயல் மடக்கை. முதல் வரிசை தலைப்பு என்றால் 80, 100, 120 நிமிடங்கள் 6, 7, 8-ஆம் வரிசையில் வரும்.

```
=LN(B6)
=SLOPE(C6:C8,A6:A8)
=LN(2)/SLOPE(C6:C8,A6:A8)
```

சரிவு நிமிடத்துக்கு 0.0315 வந்தது. இரட்டிப்பு நேரம் 22 நிமிடம். இதையே 60 முதல் 180 வரை இரண்டு முனைகளை எடுத்துக் கணக்கிட்டால் 25 நிமிடம் வரும். கோடு கண்ணுக்கு நேராகத்தான் தெரியும், ஆனால் தளர்ந்த பகுதியும் உள்ளே வந்துவிட்டது. அதனால் மடங்கு மாறாத புள்ளிகளை மட்டும் எடுங்கள். குறைந்தது மூன்று வேண்டும், 10 நிமிடத்துக்கு ஒன்று எடுத்திருந்தால் ஐந்தே கிடைக்கும்.

ஆயத்த நிலையின் நீளத்தையும் இதிலிருந்தே எடுக்கலாம். அந்த நேர்கோட்டைப் பின்னோக்கி நீட்டி, தொடக்க ஓ.டி.யான 0.040-ஐ எங்கே தொடுகிறது என்று பாருங்கள். 0.125-லிருந்து 0.040-க்கு இறங்க 36 நிமிடம். 80-லிருந்து 36 போனால் 44 நிமிடம். "ஓ.டி. ஏறத் தொடங்கிய நேரம்" என்று கண்ணால் பார்த்து எழுதுவதை விட இது நம்பகமானது. கண்ணால் பார்த்தால் ஒருவர் 20 என்பார், இன்னொருவர் 60 என்பார்.

## 6. தேக்க நிலை: நின்றது எதனால் என்று கேளுங்கள்

மாலை மூன்று மணிக்கு ஓ.டி. 3.9. அதற்குப் பிறகு பெரிதாக மாற்றமில்லை. பாடப்புத்தகம் உணவு தீர்ந்தது, கழிவு சேர்ந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடும். உங்கள் குடுவையில் எது காரணம் என்பது ஊடகத்தைப் பொறுத்தது.

எல்.பி.யில் ஈ. கோலை தின்னக்கூடிய சர்க்கரை மிகக் கொஞ்சம்தான். அது காலியானதும் அமினோ அமிலங்களை எரிக்கத் தொடங்குகிறது. ஓ.டி. 0.3-ஐத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே வேகம் குறையத் தொடங்குவது இதனால்தான். அமினோ அமிலத்தை எரித்தால் அம்மோனியா வெளியேறும், பி.எச். ஏறும். 7-ல் தொடங்கிய என் குடுவை மறுநாள் 8.5-ஐத் தாண்டியிருந்தது. எல்.பி.யில் குளுக்கோஸ் சேர்த்தால் கதை நேர் எதிர். அசிடேட் சேர்ந்து பி.எச். இறங்கும், அமிலத்தால் வளர்ச்சி நிற்கும். இரண்டு குடுவையும் வெளியிலிருந்து ஒரே மாதிரி கலங்கலாகத்தான் இருக்கும். பி.எச். தாள் ஒன்றே போதும், வித்தியாசம் தெரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு சொட்டை பி.எச். தாளில் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். செலவே இல்லாத இந்த அளவீட்டை எங்கள் வகுப்பில் யாருமே எடுத்திருக்கவில்லை.

காரணத்தை இன்னும் உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் மாலை நான்கு மணிக்கு 10 மில்லி கல்ச்சரை மையவிலக்கில் சுற்றி, மேலே நிற்கும் திரவத்தை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, மூன்று குழாயில் பிரியுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இன்னொன்றின் பி.எச். மட்டும் 7-க்குத் திருத்துங்கள். மூன்றாவதில் பி.எச். திருத்தி, டிரிப்டோனும் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட்டும் சேருங்கள். மூன்றிலும் கொஞ்சம் புதுச் செல்களை ஊற்றி, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எந்தக் குழாய் வளர்கிறதோ அது காரணத்தைச் சொல்லிவிடும். இரண்டாவது குழாயே நன்றாக வளர்ந்தால் தடை பி.எச்.; மூன்றாவது மட்டும் வளர்ந்தால் உணவு. மூன்றுமே வளர்ந்தால் குடுவையில் ஆக்சிஜன் போதவில்லையா என்று பாருங்கள்.

செல்களும் இந்நேரம் சும்மா இருப்பதில்லை. பட்டினியை உணர்ந்ததும் ரைபோசோம் செய்வதை நிறுத்துகின்றன. ஆர்.பி.ஓ.எஸ். என்ற கட்டுப்பாட்டுப் புரதம் ஏறி, நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் திறக்கிறது. செல் குட்டையாகி உருண்டுபோகும், டி.என்.ஏ.வைச் சுற்றிப் பாதுகாப்புப் புரதம் படியும். தேக்க நிலைச் செல் சூட்டையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் மடக்கை நிலைச் செல்லை விட நன்றாகத் தாங்கும். யாராவது நுண்ணுயிர்க்கொல்லிச் சோதனைக்கு உங்களிடம் கல்ச்சர் கேட்டால் எந்த நிலையில் வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பென்சிலின் வகை மருந்துகள் வளராமல் நிற்கும் செல்லை எளிதில் கொல்வதில்லை.

## 7. இறப்பு நிலை: ஓ.டி.யை இங்கே நம்பாதீர்கள்

மூன்றாம் முறை நான் தோற்றது இங்கே. ஐந்து நாள் ஓ.டி. மட்டும் எடுத்தேன். 3.9-லிருந்து 3.5-க்கு இறங்கியது, அவ்வளவுதான். பத்து சதவீதம் செத்திருக்கிறது என்று எழுதிவிட்டேன். செத்த செல் உடையாத வரை அதுவும் ஒளியைத் தடுக்கும் என்பது அப்போது உறைக்கவில்லை. உயிரோடு இருப்பதை எண்ணத் தட்டில் பரப்புவதைத் தவிர வழியில்லை.

0.9 மில்லி உப்புநீர் உள்ள குழாய்களில் 0.1 மில்லி வீதம் மாற்றி மாற்றி பத்து மடங்காக நீர்த்துக்கொண்டே போங்கள். உப்புநீர் 0.85 சதவீதம். வெறும் தண்ணீரில் நீர்த்தால் செல்கள் பாதிக்கப்படும். ஒவ்வொரு குழாய்க்கும் டிப் மாற்றுங்கள். கடைசியில் 0.1 மில்லி எடுத்துத் தட்டில் பரப்பி, 37 டிகிரியில் இரவு முழுக்க வைத்து எண்ணுங்கள். 30 முதல் 300 காலனி உள்ள தட்டுகளை மட்டும் கணக்கில் எடுங்கள். ஒரு மில்லியில் உயிருள்ள செல்கள் எத்தனை என்பதைத்தான் CFU/ml என்று எழுதுவார்கள்.

```
CFU/ml = காலனிகள் / (நீர்ப்பு × பரப்பிய மில்லி)
24 மணி:  31 / (10^-7 × 0.1) = 3.1 × 10^9
5-ம் நாள்: 40 / (10^-5 × 0.1) = 4.0 × 10^7
```

ஓ.டி. பத்து சதவீதம் இறங்கிய அதே நேரத்தில் உயிருள்ள செல்கள் கிட்டத்தட்ட 99 சதவீதம் போய்விட்டன.

எந்த நீர்ப்பைப் பரப்புவது என்பதில் ஒரு எச்சரிக்கை. 24 மணிக்குச் சரியாக வந்த 10^-7-ஐயே ஐந்தாம் நாளும் பரப்பினால் தட்டு வெறுமையாக இருக்கும். ஐந்தாம் நாள் 10^-3-லிருந்து 10^-6 வரை நான்கையும் பரப்புங்கள். அதற்காக நான்கைந்து தட்டு கூடுதலாக ஊற்றி வையுங்கள். இறப்பு எந்த நாளில் தொடங்கும் என்பது வகையையும் குடுவையையும் பொறுத்து மாறும். எல்.பி.யில் பெரும்பாலும் மூன்றாம் நாளை ஒட்டித் தொடங்குகிறது. மூன்றாம் நாள் ஒரு தட்டு போடாமல் விட்டால் எப்போது சரிந்தது என்பதே தெரியாது.

இன்னொரு பொறி ஆவியாதல். ஐந்து நாள் 37 டிகிரியில் பஞ்சு அடைப்போடு ஆடும் குடுவையில் தண்ணீர் கணிசமாகக் குறையும், மிச்சம் கெட்டியாகும். முதல் நாள் மாலை மாதிரி எடுத்து முடித்ததும் குடுவையை எடை போட்டு எழுதுங்கள். மறுநாளிலிருந்து மாதிரி எடுக்கும் முன் எடை போட்டு, குறைந்த அளவுக்குக் கிருமி நீக்கிய தண்ணீர் சேருங்கள். எடுத்த மாதிரியின் எடையைக் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள்.

இறப்பும் மடக்கை முறையில்தான் நடக்கும். ஒவ்வொரு நாளும் மிச்சமிருப்பதில் ஒரு பங்கு போகும். அதனால் படத்தின் அச்சு மடக்கை அளவில் இல்லாவிட்டால் வளைவு செங்குத்தாக விழுந்து தரையில் ஒட்டிக்கொண்டதுபோலத் தெரியும். ஆனால் பூஜ்யத்துக்குப் போகாது. செத்தவை உடைந்து சிந்தியதைத் தின்று மிச்சம் ஒரு சதவீதம் வாரக்கணக்கில் நிற்கும்.

அந்த மிச்சத்திலிருந்து ஒரு காலனியை எடுத்து அடுத்த முறைக்கான தொடக்கக் கல்ச்சராக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். நானும் வைத்தேன், மூன்று குடுவையும் முந்தைய எண்களோடு ஒத்துப்போகவில்லை. நீண்ட பட்டினியில் பிழைத்தவை பல நேரம் மாறிப்போனவை. பத்து நாள் பழைய ஈ. கோலையை ஒருநாள் கல்ச்சரோடு கலந்தால் எண்ணிக்கையில் குறைவாக இருந்தும் பழையவையே கல்ச்சரைப் பிடித்துக்கொள்கின்றன என்று 1993-ல் ஸாம்பிரானோவும் கோல்ட்டர் குழுவினரும் காட்டினார்கள். அவற்றில் ஆர்.பி.ஓ.எஸ். மரபணுவே மாறியிருந்தது. எனவே முதல் நாளே இரவுக் கல்ச்சரில் 0.5 மில்லியை 50 சதவீத கிளிசரால் 0.5 மில்லியோடு கலந்து மைனஸ் 80-ல் நாலைந்து குழாய் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அதிலிருந்து புதுத் தட்டு கீறித் தொடங்குங்கள். ஐந்தாம் நாள் குடுவையையும் தட்டுகளையும் ஆட்டோகிளேவ் செய்த பிறகே கழுவப் போடுங்கள். ஷேக்கர் பதிவேட்டில் முடித்த நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.